ஆசானுக்கு ஒரு பாராட்டுரை

வணக்கம் ஐயா,

எங்கள் பறை ஆசானுக்கு 72 வயது. இந்த ஆண்டு மாவட்டக் கலை மன்றத்தின் கலை முதுமணி விருது கிடைத்திருக்கிறது. அதையொட்டி அவரிடம் படித்த நாங்கள் ஊரில் ஒரு விழா எடுக்கிறோம். பத்து நிமிடம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "ஈராயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்த, அழிந்துவரும் கலையைக் காத்த மாமனிதர்" என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் போலிருக்கிறது. ஒரு காலத்தில் அவர் சாவு வீட்டுக்கு அடித்தவர். பிறகு அதை விட்டுவிட்டு, முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சாவு வீட்டுக் கதையை மேடையில் பேசலாமா என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
க., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள க.,

முதலில் அந்த ஈராயிரம் ஆண்டை எடுத்துவிடுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே பறை என்பது தோற்கருவிகளுக்கான பொதுப்பெயர். உங்கள் ஆசான் தோளில் மாட்டியிருக்கும் கருவி வேப்பமரத்துண்டுகளை வளைத்துச் சேர்த்த வட்டச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டியது. இரண்டும் ஒன்றே என்று மேடையில் அடித்துச் சொன்னால், விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அதைவிட, தொல்காப்பியத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் ஆசானுக்கு எட்டு நிமிடம்தான் மிஞ்சும்.

விருதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயது வாரியாகப் பிரித்தவை. 18 வயது வரை கலை இளமணி, அப்புறம் வளர்மணி, சுடர்மணி, நன்மணி, 66 வயது முதல் முதுமணி. கலைமாமணி வேறு, அது இயல் இசை நாடக மன்றம் தருவது. வரவேற்புரையில் யாராவது இரண்டையும் குழப்பினால் ஆசானுக்குத்தான் சங்கடம். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எதைப் பேசுவது? அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் நாளைப் பேசுங்கள். நான் கவனித்த பறை ஆசான்கள் யாரும் முதல் நாளே கருவியைக் கையில் தருவதில்லை. சொற்கட்டை வாயால் சொல்லவைப்பார்கள், தொடையில் தட்டவைப்பார்கள். வாய் தடுமாறாமல் சொன்ன பிறகுதான் குச்சி. அங்கேதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. வலது கையில் பூவரசங்கம்பில் செய்த குட்டையான அடிக்குச்சி. அது யாருக்கும் சீக்கிரம் வந்துவிடும். இடது கையில் மூங்கிலைச் சீவிய நீளமான மெல்லிய குச்சி. சிம்புக்குச்சி என்றும் சுண்டுக்குச்சி என்றும் சொல்வார்கள். அந்தக் கையே சட்டத்தின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, விரல் அசைவில் குச்சியையும் தோலில் விழச்செய்ய வேண்டும். புதிதாகப் படிப்பவனுக்கு வலது கை முழங்கும், இடது கை முனகும். கேட்டால் அடி நொண்டுவது தெரியும். கைபழகி நின்று அடிக்கத் தெரிந்ததும் காலில் அடவு வைக்கச் சொல்வார். கால் நகர்ந்ததும் இடது கை மறுபடி செத்துப்போகும்.

ஒரு நல்ல ஆசான் இருபது பிள்ளைகள் வட்டமாக நின்று அடிக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே யாருடைய இடது கை விழவில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நானே பார்த்திருக்கிறேன். உங்கள் ஆசானும் இப்படி ஏதாவது செய்திருப்பார். உங்கள் இடது கையை அவர் எப்படித் திருத்தினார்? தன் கையை உங்கள் கைமேல் வைத்தா, திட்டியா, பேசாமல் பக்கத்தில் நின்று அடித்துக்காட்டியா? அதை மூன்று நிமிடம் சொல்லுங்கள். முன்வரிசையில் இருப்பவருக்குப் பறையைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த ஆள் யாரென்று தெரிந்துவிடும். "முந்நூறு மாணவர்களை உருவாக்கினார்" என்பதிலிருந்து அது தெரியாது.

சாவு வீட்டு விஷயம். மறைக்காதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் முடிவு அவருடையது. விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே தனியாகப் போய் உட்கார்ந்து, "இதைச் சொல்லலாமா ஆசானே, எப்படிச் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். இழவுக்கு அடிப்பது பலருக்கு வெறும் பிழைப்பாக இருக்கவில்லை. சாதி அவர்கள் தலையில் கட்டிய கட்டாயமாக இருந்தது. மறுத்தவர்கள் ஊரில் பட்டது கொஞ்சமல்ல. அவர் அதை விட்டதும், அதே கருவியை எல்லாத் தெருப் பிள்ளைகள் கையிலும் கொடுத்ததும் ஒரே செயலின் இரண்டு பாதி. முதல் பாதியை விட்டால் இரண்டாவது பாதி வெறும் மாலை வகுப்பாகிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். உங்கள் திண்டுக்கல்லிலேயே பெண்கள் மட்டுமே பறையடிக்கும் சக்தி கலைக்குழு இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அவரிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கருவியை அவர் என்ன பெயரால் சொல்கிறார்? தஞ்சாவூர்ப் பக்கம் தப்பு, தப்பாட்டம் என்று கலைஞர்களே சொல்வார்கள். வேறு சிலருக்கு அந்தச் சொல்லே சுடும், பறை என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு மேடையில் நான் கேட்காமலே ஒரு சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். அந்தக் கலைஞர் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு, எல்லாப் பறை விழாவிலும் அவர் பெயரைச் சொல்லி ஒப்பிடுகிறார்கள். அவர் பெரியவர்தான். ஆனால் உங்கள் மேடை உங்கள் ஆசானுடையது. ஒப்பிட்டால் இருவரில் ஒருவர் சின்னவராகிவிடுவார்.

பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் பேசுங்கள். மீதி மூன்று நிமிடத்துக்கு அவரிடம் படித்த மூன்று பேரை ஏற்றுங்கள். முதல் செட்டில் படித்து இன்று தானே சொல்லிக்கொடுக்கும் ஒருவர், நடுவில் ஒருவர், இந்த வருடம் சேர்ந்த ஒரு குழந்தை. ஒத்தையடியோ சாமிச்சாட்டு அடியோ, ஆசான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது எதுவோ அதை மட்டும் மூவரும் சேர்ந்து அடிக்கட்டும். குழந்தையின் இடது கை கொஞ்சம் நொண்டினால் நல்லதுதான். ஏழு நிமிடமாக நீங்கள் சொன்னதை அப்போது சபை காதால் கேட்கும்.

இதற்கு ஒரு வேலை முன்கூட்டியே ஆக வேண்டும். தோல் பறை என்றால் காய்ச்சாமல் மேடை ஏற்ற முடியாது. மண்டபத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே வாசலில் வைக்கோலுக்கும் இடத்துக்கும் அனுமதி வாங்கிவையுங்கள். பொறுப்பைத் தீக்குப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். சூடு அதிகமானால் தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். இன்னொரு ஆபத்து, சீக்கிரமே காய்ச்சி வைத்துவிடுவது. சிறப்பு விருந்தினர்கள் ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினால், மழைக்கால ஈரத்தில் அதற்குள் தோல் தளர்ந்து, கணீரென்று வர வேண்டியது தொப்பென்று விழும். நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது வாசலில் தீ எரிய வேண்டும். ஆசானுக்கு அந்தப் புகை வாசனை உள்ளே வரைக்கும் வரட்டும்.