கடனோடு சேர்ந்து வந்த காப்பீடு: கிளை மேலாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் வங்கியில் 5 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். கைக்கு வந்தது 4,66,100 ரூபாய்தான். செயலாக்கக் கட்டணம் வரி சேர்த்து 5,900 என்பது தெரியும். மீதி 28,000 ரூபாய் கடன் காப்பீட்டுப் பிரீமியம் என்று கணக்கு அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை, பாலிசியும் வரவில்லை. மேலாளரிடம் கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ஓடிபி சொல்லியிருக்கீங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா சார்?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேலாளர் வாயால் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கி வழியாக விற்கப்படும் காப்பீட்டில் சேர்வது வாடிக்கையாளரின் சொந்த விருப்பமாகவே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு கட்டுக் காகிதத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியதாலேயே விருப்பம் தெரிவித்ததாக ஆகிவிடாது. இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு.

முதலில் கடனின் 'முக்கிய விவர அறிக்கை'யைத் தேடுங்கள். வங்கியில் கே.எஃப்.எஸ். என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு இது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி ஒப்புகை பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்காக வங்கி பிடிக்கும் தொகையும் அதில் தனியாகக் காட்டப்பட வேண்டும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. 28,000 ரூபாய் அதில் இல்லையென்றால் உங்கள் தரப்பு மிக வலுவானது. தெளிவாக எழுதி, அதன்கீழ் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் வழக்கு பலவீனமாகும். அப்போதும் 'ஃப்ரீ லுக்' வழி மிச்சமிருக்கிறது.

ஃப்ரீ லுக் என்பது பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யும் உரிமை. ஆவணமே வராதபோது அந்தக் கெடு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். பல நேரம் அங்கேதான் கிடக்கும். உங்களுடையது குழுக் காப்பீடாக இருந்தால் பாலிசிக்குப் பதில் காப்பீட்டுச் சான்றிதழ் வரும். ரத்துக்கான நிபந்தனையை அதில் படியுங்கள்.

இனி மேலாளருக்கான புகார். கோபத்தை எழுத வேண்டாம், ஆவணங்களைக் கேளுங்கள். கடன் எண், தேதி, தொகைகளைக் குறிப்பிட்டு, பிறகு இப்படி எழுதலாம்:

"இந்தக் காப்பீட்டை நான் கேட்கவில்லை, இதற்குத் தனியாகச் சம்மதமும் தரவில்லை. நான் கையெழுத்திட்ட காப்பீட்டு விண்ணப்பம், முக்கிய விவர அறிக்கை, ஓடிபி குறுஞ்செய்தியின் முழு வாசகம், பாலிசி அனுப்பப்பட்ட தேதிக்கான சான்று ஆகியவற்றின் நகல் தேவை. காப்பீட்டைத் தொடக்கத்திலிருந்தே ரத்து செய்து, 28,000 ரூபாயைக் கடன் வழங்கிய தேதியிட்டுக் கடன் கணக்கில் வரவு வைக்கவும்."

ஓடிபி வாசகத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 'கடன் விண்ணப்பத்தை உறுதிசெய்ய' என்று வந்த எண்ணைச் சொன்னது காப்பீட்டுக்கான சம்மதம் ஆகாது. 'கடன் வழங்கிய தேதியிட்டு' என்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள். பிரீமியத்துக்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடன் 12 சதவீத வட்டியில் 5 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், இந்த 28,000-க்கு மட்டும் மாதத் தவணையில் சுமார் 623 ரூபாய் போகும். முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய 37,370 ரூபாய்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

புகார் போனதும் கிளையிலிருந்து அழைத்து ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அதன் தலைப்பைப் படியுங்கள். 'சரண்டர்' என்றிருந்தால் கையெழுத்திடாதீர்கள். பாலிசியை ஒப்புக்கொண்டு இடையில் கைவிடுவதாக அது அர்த்தப்படும், கிடைக்கும் தொகையும் வெகுவாகக் குறையும். ஃப்ரீ லுக் ரத்தில் காப்பு இருந்த நாட்களுக்கான பங்கும் முத்திரைக் கட்டணமும் போன்ற சில கழிவுகள் மட்டுமே. சம்மதமே இல்லை என்ற உங்கள் கோரிக்கையில் அந்தக் கழிவையும் வங்கியிடம் கேட்கலாம். பழைய தேதியிட்ட எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, தாமதிக்காமல் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் புகார் செய்யுங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இதற்கிடையே கோபத்தில் மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். காப்பீட்டுத் தகராறு கடன் பாக்கியாக மாறி உங்கள் கடன் மதிப்பெண்ணில் ஏறிவிடும். வங்கிக்கு அதுவே பதில் வாதமும் ஆகிவிடும்.