நாய்க்கடி ஊசி போட்டாச்சு, அப்புறம் சீரம் எதுக்கு?

"டாக்டர், என் பையனுக்கு 7 வயசு, 22 கிலோ. நேத்து சாயங்காலம் தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. ராத்திரியே ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டு கையிலயும் தடுப்பூசி போட்டாங்க. இப்ப ஜி.எச். போய் காயத்துல சீரம் போடச் சொல்றாங்க. ஊசிதான் போட்டாச்சே, அது வேற எதுக்கு? நாயும் நல்லாத்தான் சுத்திட்டு இருக்கு."

போட்டே ஆகணும்மா, இன்னைக்கே கிளம்புங்க.

டெய்லர்கிட்ட பிளவுஸ் தைக்கக் குடுக்கறத நெனச்சுக்கங்க. கூடவே ஒரு அளவு பிளவுஸ் குடுப்போம்ல, தடுப்பூசி அந்த அளவு பிளவுஸ்தான். அதுல இருக்கறது செத்துப்போன ரேபிஸ் கிருமி, உருவம் இருக்கும் உயிர் இருக்காது, அதனால அந்த ஊசியால ரேபிஸ் வராது. அந்த உருவத்த வச்சு உடம்பு எதிர்ப்புப் பொருள் தைக்க ஆரம்பிக்கும். மொத தடவ தைக்கறது மெதுவாவும் வரும், கொஞ்சம் லூசாவும் இருக்கும். மூணாம் நாள், ஏழாம் நாள் திரும்பத் திரும்ப அளவக் காட்டக் காட்டத்தான் பிடிப்பா வரும், அளவும் நோட்டுல ஏறும். அதனாலதான் ஒரு ஊசியோட நிறுத்தக்கூடாது.

ஆனா டெய்லர் துணி குடுக்க நாள் ஆகும். உடம்புல போதுமான அளவு எதிர்ப்புப் பொருள் வர 7லேர்ந்து 14 நாள் வரைக்கும் பிடிக்கும். கிருமியோ இப்பவே காயத்துல இருக்கலாம், நரம்புக்குள்ள நுழைஞ்சா அப்படியே மூளைய நோக்கி ஏறும். அந்த இடைவெளிக்குத்தான் சீரம். குதிரையோ மனுஷனோ ஏற்கனவே தைச்சு வச்ச ரெடிமேட் சட்டை அது. போட்ட உடனே வேலை செய்யும், கொஞ்ச வாரத்துல கரைஞ்சுடும், உடம்புக்கு எதையும் சொல்லிக்குடுக்காது. அதனால ரெண்டும் வேணும்.

சீரத்த காயத்துக்குள்ளயும் சுத்தியும்தான் போடணும், இடுப்புல ஒரு குத்து குத்தி அனுப்பினா கேளுங்க. குதிரை சீரம்னா கிலோவுக்கு 40 யூனிட், உங்க பையனுக்கு அதிகபட்சம் 880 யூனிட், மில்லிக்கு 300 யூனிட் உள்ள மருந்துல ஏறக்குறைய 3 மில்லி. மொத தடுப்பூசி போட்ட நாள்லேர்ந்து 7 நாளுக்குள்ள போட்டுடணும், அதுக்கப்புறம் உடம்பே தைக்க ஆரம்பிச்சிருக்கும். காயத்த சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவலன்னா இப்பவாவது கழுவுங்க. மிளகாப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

இப்ப நான் ரொம்ப பயப்படற விஷயம். ஜி.எச்.ல சீரம் ஸ்டாக் இல்லன்னா வாசல்லயே ஒருத்தர் வந்து "பாதி விலைக்கு வாங்கித் தர்றேன்"னு நிப்பார். ஒருத்தர் சட்டைப் பாக்கெட்லேர்ந்து மருந்து பாட்டில் எடுத்து நீட்டினத நானே பாத்திருக்கேன், வெயில்ல, ஐஸ் இல்லாம. சீரமும் தடுப்பூசியும் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், சூட்டுல இருந்தது வெளிய பாத்தா அப்படியேதான் தெரியும், உள்ள வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது. பில் இல்லாம, பேட்ச் நம்பர் இல்லாம, ஐஸ் பெட்டி இல்லாம எதையும் தொடாதீங்க. அதே மாதிரி டிடி ஊசி போட்டுட்டு "நாய்க்கடிக்குப் போட்டாச்சு"ன்னு அனுப்பறவங்களும் இருக்காங்க, டிடி வேற வியாதிக்கு.

தடுப்பூசி ஒரு இடத்துல, சீரம் இன்னொரு இடத்துலன்னு கடிபட்ட குழந்தையத் தூக்கிட்டு பஸ் ஏற வைக்கறாங்க. சில இடத்துல "நாலு பேர் சேரட்டும், அப்பதான் பாட்டில் திறப்போம்"னு வேற சொல்றாங்க. இத எத்தனை மீட்டிங்ல சொல்லிட்டேன், எரிச்சலா வருது. நீங்க அதுக்காகத் திரும்பி வந்துடாதீங்க, அங்கேயே உக்காந்து போட்டுட்டு வாங்க.

கையில போட்டது தோலுக்குள்ள போடற ஊசி, 0, 3, 7, 28ம் நாள். ஒவ்வொரு தடவையும் தோல் ஆரஞ்சுத்தோல் மாதிரி சின்னதா எழும்பணும். எழும்பலன்னா ஆழமாப் போயிடுச்சுன்னு அர்த்தம், பக்கத்துல திரும்பப் போடச் சொல்லுங்க. நாய் நல்லா இருக்குன்னு காத்திருக்கறதுல புண்ணியமில்ல. 10 நாள் பாத்து முடிக்கறதுக்குள்ள மூணு ஊசி முடிஞ்சுடும், தெருநாய 10 நாள் யாரு பாக்கறது? அறிகுறி வந்துட்டா ஏறக்குறைய யாரையும் காப்பாத்த முடியாது. உடனே கழுவி, சீரம் தடுப்பூசி ரெண்டும் சரியா போட்டா வராமத் தடுக்கற வாய்ப்பு ரொம்ப ரொம்ப அதிகம், நூத்துக்கு நூறுன்னு நான் எழுதித் தர மாட்டேன்.

சீரம் வேண்டாத ஆள் ஒருத்தர் உண்டு. முன்னாடியே ரேபிஸ் தடுப்பூசி முழுசா போட்டு முடிச்சவர். அவர் நோட்டுல அளவு இருக்கு, டெய்லர் சீக்கிரமா தைச்சுக் குடுத்துடுவார், 0, 3 நாள் ரெண்டு தடவ போட்டா போதும், சீரம் வேண்டாம். ஆனா "முழுசா"ங்கறத கவனிங்க. ரெண்டு ஊசியோட விட்டவரு கணக்குல வரமாட்டார். "சின்ன வயசுல தொப்புள சுத்தி 14 ஊசி போட்டேன்"னு சொல்றவரும் வரமாட்டார், அது ஆட்டு மூளையில செஞ்ச பழைய மருந்து, இப்ப இந்தியாவுல கிடையாது. கையில சீட்டு இல்லாம "போட்ட ஞாபகம்"னு சொன்னாலும் புதுசா கடிபட்டவர் மாதிரிதான் பாப்போம். அதனால உங்க பையனோட கார்ட நாலு ஊசியும் முடியற வரைக்கும் பத்திரமா வச்சு, முடிஞ்சதும் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போன்லயும் போட்டு வைங்க.