பொறியில் பூச்சி விழுகிறது, காயில் புழு குறையவில்லை

"ஐயா, எங்களுக்குக் குப்பம் பக்கம். முக்கால் ஏக்கர் மல்பெரி, அதை ஒட்டி ஒரு ஏக்கர் கத்தரி. பட்டுப்புழுவுக்கு ஆகாது என்று கத்தரிக்கு மருந்து அடிக்கப் பயம். கடைக்காரர் சொன்னபடி நான்கு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி வரப்போரம் உயரமான மூங்கிலில் கட்டினேன். முதல் வாரம் நிறைய விழுந்தது, இப்போது ஒன்றிரண்டுதான். ஆனால் பறிக்கிற காயில் மூன்றில் ஒன்று சொத்தை. 'அந்த வாசனை ஏழெட்டு கிலோமீட்டர் போகும், ஊர்ப் பூச்சியை எல்லாம் நீதான் கூப்பிடுகிறாய்' என்று பக்கத்து நிலத்துப் பெரியப்பா சத்தம் போடுகிறார். கடைக்காரரோ பொறிக்குள் வைக்கிற வாசனை ரப்பரை, அந்த லூரை, ஒரே பொறியில் இரண்டு போடச் சொல்கிறார். பொறியைக் கழற்றிவிடட்டுமா?"

கழற்ற வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றுங்கள். பொறியில் விழுந்த பூச்சிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெள்ளை இறகில் பழுப்புத் திட்டு, வயிறு ஒல்லியாக, நுனி கூர்ந்து இருக்கும். அத்தனையும் ஆண். லூரில் இருப்பது பெண் பூச்சியின் வாசனை. முட்டை வைப்பது பெண், அது இந்த வாசனைக்கு வராது. அதனால் உங்கள் பொறி ஊர்ப் புழுவை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பெரியப்பா பயப்படக் காரணமே இல்லை.

ஏழெட்டு கிலோமீட்டர் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. மிகப் பெரிய காட்டு அந்துப்பூச்சிகளின் ஆண்களைப் பெட்டியில் எடுத்துப்போய், பெண் இருக்கும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி விட்டார்கள். சில திரும்பி வந்து சேர்ந்தன. ஆனால் விட்ட இடத்திலிருந்தே வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பாதி வழி சும்மா சுற்றித் திரிந்து, கடைசியில் வாசனையில் மாட்டியிருக்கலாம். உங்கள் கத்தரிப் பூச்சி நகத்தளவு உடம்பு கொண்டது. அதற்கு ஒரு லூரின் ஆட்சி பத்து இருபது மீட்டர், காற்று சாதகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பொறியை எங்கே கட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க உங்கள் வீட்டிலேயே வசதி இருக்கிறது. அடுத்த முறை பட்டுப்புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் இருந்து கூடு எடுக்கும்போது, விலை போகாத கூடு ஐந்தாறை விற்காமல் தனியாக வையுங்கள். பத்து நாள், பதினைந்து நாளில் காலை வேளையில் பூச்சி வெளியே வரும். வயிறு பருத்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது பெண். வயிற்று நுனியில் இரண்டு சின்ன மஞ்சள் பை பிதுங்கி இருக்கும், வாசனை வருவது அதிலிருந்து. நமக்கு ஒன்றும் தெரியாது. ஆணின் மீசையைப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சீப்புப் பல்லாகக் கிளைகள், கிளை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர். ஒரு மீசையில் இந்த வாசனைக்கென்றே ஏறத்தாழ 17,000 மயிர்கள். ஒவ்வொரு மயிரிலும் நுண்துளைகள், உள்ளே நரம்பு. அந்த மயிர்களில் சில நூறில் ஆளுக்கு ஒரு மூலக்கூறு ஒட்டினாலே போதும், பூச்சி கிளம்பிவிடும்.

ஆணைப் பெண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி விடுங்கள். பட்டுப்பூச்சியால் பறக்க முடியாது, ஆனால் இறகைப் படபடவென்று அடிக்கும். அந்த அடியில் முன்பக்கக் காற்று மீசை வழியாக இழுபடுகிறது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்து நடந்து போய்ப் பெண்ணைச் சேரும். இப்போது பெண்ணை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த காகிதத்தை மட்டும் வையுங்கள். காகிதத்தைத்தான் தேடி வரும், பக்கத்தில் கண்ணாடி டம்ளருக்குள் பெண்ணை மூடி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜெர்மனியில் பூட்டனாண்ட் என்ற வேதியியலாளர் இதே பட்டுப்பூச்சியின் பெண்களை 5 லட்சம் போலச் சேர்த்து, இருபது வருட வேலைக்குப் பிறகு 1959இல் அந்த வாசனை எந்தப் பொருள் என்று பிரித்துச் சொன்னார். இன்று கடையில் விற்கிற லூர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கத்தரிப் பூச்சியின் மீசை இப்படிக் கிளை விடாது, வெறும் நூல்தான். கிளை இருந்தால் மயிருக்கு இடம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். வேலை செய்யும் விதம் ஒன்றே. உங்கள் லூர் வாசனை பட்டுப்பூச்சியை ஒன்றும் செய்யாது, அதன் மீசைக்கு அது பிடிபடவே பிடிபடாது.

இனி காற்றுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம், பொறி கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவதும் இதில்தான். வாசனை குளத்துத் தண்ணீர் மாதிரி சுற்றிலும் சமமாகப் பரவுவதில்லை. பொழுது சாய்ந்ததும் கத்தரிக்குள் போய், செடியின் தலை உயரத்தில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை முதலில் கயிறாகப் போகும், அப்புறம் அறுந்து துண்டு துண்டாகும், நடுநடுவே வெறும் காற்று இருக்கும். லூரின் வாசனையும் இதே போலத்தான் போகிறது. ஆண் பூச்சி என்ன செய்கிறது என்றால், ஒரு துண்டு வாசனை மீசையில் பட்டதும் காற்று வருகிற திசையை எதிர்த்து நேராகப் பாய்கிறது. துண்டு தீர்ந்து வெறும் காற்று வந்தால் முன்னே போவதை நிறுத்திவிட்டு, குறுக்கே இடமும் வலமுமாக வீசிப் பறந்து தேடுகிறது. அடுத்த துண்டு கிடைத்ததும் மறுபடி பாய்ச்சல். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கீழே நகர்கிற செடியையும் தரையையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மீசைக்குள் வந்த வாசனையை உடனே சிதைக்கிற நொதியும் இருக்கிறது, அதனால்தான் அடுத்த துண்டு வந்ததும் புதிதாகத் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விட்டு விட்டு வந்தால்தான் அதற்கு வழி தெரியும் என்பது. வாசனை இடைவெளி இல்லாமல் மூடுபனியாக நிறைந்துவிட்டால் ஆண் முன்னேறாமல் நின்றுவிடுகிறது. அதனால் ஒரே பொறியில் இரண்டு லூர் போட்டால் இரட்டிப்பாக விழும் என்பது சரியல்ல. தக்காளிக் காய்ப்புழு லூரையும் இதே பொறியில் போடச் சொல்கிற கடைக்காரர்களும் உண்டு, அது இன்னும் மோசம். கத்தரிப் பூச்சிக்கு முக்கிய வாசனைப்பொருள் ஒன்று. அதோடு நூற்றுக்கு ஒரு பங்கு வேறொன்றைச் சேர்த்தால்தான் நன்றாக விழுகிறது என்று வயலில் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான அளவைப் பார்க்கிற மீசை முன்னால் வேறு இனத்தின் வாசனையைக் கலந்து வைத்தால், அது எனக்கில்லை என்று ஒதுங்கிப் போய்விடும். ஒரு இன லூரைத் தொட்ட கையால் இன்னொரு இன லூரைத் தொடவும் வேண்டாம்.

உங்கள் பொறிகள் உயரமான மூங்கிலில், அதுவும் வரப்பில் இருக்கின்றன. கத்தரிப் பூச்சி செடியை ஒட்டித் தாழ்வாகப் பறப்பது. மேலே காற்று வேகம், வாசனை செடிக்கு மேலாகவே ஓடிவிடும். பொறியின் வாய் செடியின் தலை மட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள், செடி வளர வளர ஏற்றுங்கள். பொறி நிலத்துக்குள்ளே இருக்க வேண்டும். ஊதுவத்திப் புகை போகிற பக்கத்து வரப்பில் கட்டினால் வாசனை முழுக்கப் பெரியப்பா நிலத்துக்குப் போகும், அவர் நிலத்து ஆண்களைத்தான் பிடித்துக் கொடுப்பீர்கள். பகல் காற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூச்சி இரவில் பறக்கிறது, பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

இப்போது ஒன்றிரண்டுதான் விழுகிறது என்பதால் பூச்சி தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காயில் சொத்தை இருக்கிறதே. புது லூர் ஒன்றை வாங்கி, பழைய பொறிக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி அதே உயரத்தில் கட்டுங்கள். மறுநாள் இரவு இரண்டையும் இடம் மாற்றுங்கள். இரண்டு இரவும் புதியதில் மட்டும் விழுந்தால் பழைய லூர் செத்துவிட்டது. நல்ல லூரே ஒரு மாதம்தான் வேலை செய்யும், நம் வெயிலுக்கு அதற்கும் முன்னால் தீரலாம். அதைவிட, கடை வாசலில் வெயில் படும்படி சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் லூரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ரப்பருக்குள் இருக்கும் வாசனை கடை வாசலிலேயே போய்விட்டிருக்கும். அலுமினியத்தாள் உறையில் மூடி, தயாரித்த தேதி போட்டு, குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுக்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். தேதி கேட்டால் கோபப்படுகிற கடையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. நாலு பொறி என்ன வேலை செய்யும்? பூச்சி வந்துவிட்டது என்று சொல்லும், அவ்வளவுதான். பத்து ஆணில் ஒன்பதைப் பிடித்தாலும் மிஞ்சிய ஒன்று அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு பெண்ணோடு சேரும். ஆணை ஒழித்தே புழுவைக் குறைக்க வேண்டும் என்றால் பத்து மீட்டருக்கு ஒன்று என ஏக்கருக்கு நாற்பது பொறி வேண்டும். அப்போதும் வெளியே சேர்ந்து முடித்த பெண் பறந்து வந்து முட்டை வைக்கும், பொறியால் அதைத் தடுக்க முடியாது. அந்தப் பெண் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் தேட வேண்டும். போன போகத்தில் பிடுங்கிய கத்தரி மாரை அடுப்புக்கு என்று வரப்பிலோ வீட்டுப் பக்கமோ அடுக்கி வைத்திருக்கிறீர்களா? பெரியப்பா வைத்திருக்கிறாரா? அந்தக் குவியலில் கிடக்கும் கூட்டுப்புழுவிலிருந்து வாரக்கணக்கில் பூச்சி வந்துகொண்டே இருக்கும். முதல் வேலையாக அதை எரித்துவிடுங்கள்.

அடுத்தது வாடிய குருத்து. முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும், அதற்குப் பிறகு மேலே எந்த மருந்தை அடித்தாலும் புழுவுக்கு எட்டாது, காற்றில் பறந்து மல்பெரி இலைக்கு மட்டும் எட்டும். தலை தொங்கின குருத்தை வாரம் ஒரு முறை, புழு இருக்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே கிள்ளி எடுத்து, வரப்பில் வீசாமல் எரியுங்கள். சொத்தைக் காயையும் அப்படியே செய்யுங்கள். பெரியப்பாவும் அதே வாரத்தில் கிள்ளினால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். அவரிடம் பொறியைப் பற்றி வாதாடாமல், பட்டுப்பூச்சி ஆணையும் காகிதத்தையும் ஒரு காலையில் காட்டிவிட்டு இதைக் கேளுங்கள்.