தேன்வதையும் நூல் கணக்கும்: ஓய்வு பெற்ற கணித ஆசிரியரிடம் கேட்டவை

மகள் தரம் 9. திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் தேனீ ஏன் அறுகோணியாகக் கட்டுகிறது என்று பேச வேண்டும். என்ன கொடுத்து விடுவது? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

நான்கு நூல் வளையம். முடிச்சுப் போட்ட பிறகு ஒவ்வொன்றும் 24 செ.மீ. இருக்க வேண்டும்; என் மாணவன் ஒருவன் முடிச்சைக் கணக்கில் விட்டு மேடையில் 23 உடன் நின்றான். பக்கங்கள் சமமான முக்கோணி 27.7 சதுர செ.மீ. அடைக்கும், சதுரம் 36, அறுகோணி 41.6, வட்டம் 45.8. “அறுகோணிதான் எல்லாவற்றிலும் பெரியது” என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். பெரியது வட்டம்.

அப்ப ஏன் சேர் வட்டமாகக் கட்டவில்லை? (தரம் 10, அக்கரைப்பற்று)

நல்ல பிடி, தம்பி. நூல் தனியாகக் கிடக்கிறது, அறை தனியாக இல்லை. பக்கத்து அறையோடு சுவர் பொது. கணக்குக்காக ஓர் அறையின் வாய் 1 சதுர செ.மீ. என்று வை (நிசத்தில் மிகச் சிறியது). அறுகோணியின் சுற்றளவு 3.72 செ.மீ. ஒவ்வொரு சுவரும் இரண்டு அறைக்குப் பொது என்பதால் ஓர் அறையின் பங்கு 1.86. சதுரத்துக்கு 2, முக்கோணிக்கு 2.28. வட்டத்துக்கு 3.54 தான், ஆனால் பக்கத்து வட்டத்தை ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதால் பங்கு போட ஆள் இல்லை. முழுச் செலவும் அதன் தலையில். இடையில் சந்தும் விழும்.

ஐங்கோணி? (அதே மாணவன்)

ஒரு புள்ளியில் மூன்றின் மூலைகளைச் சேர்த்தால் 324 பாகை, முழுச் சுற்று 360. 36 பாகை வாயைப் பிளந்து நிற்கும்.

தேனீ வட்டமாகத்தான் கட்டுகிறது, பிறகு சூட்டில் மெழுகு இளகி அறுகோணி ஆகிறது. கணக்கெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது. (விஞ்ஞான ஆசிரியை, மட்டக்களப்பு)

பாதி சரி ரீச்சர். புதிதாகக் கட்டிய அறை வட்டம் போல இருந்து பிறகு அறுகோணியாவதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. இல்லை, தேனீயே சுவரைச் செதுக்கித்தான் சரி செய்கிறது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எப்படி உருவாகிறது என்பது உங்கள் பாடம், நான் தலையிடவில்லை. சம பரப்புகளாகத் தளத்தைப் பிரிக்க அறுகோணிதான் குறைந்த சுவர் என்பது என் பாடம். பழங்காலத்திலேயே ஊகித்த இதை, கணிதவியலாளர் தோமஸ் ஹேல்ஸ் 1999இல்தான் முழுதாக நிறுவினார்.

ஆனால் தேனீக்குக் கணக்குத் தெரியாதே! (அதே ஆசிரியை)

தெரியும் என்று நான் எங்கே சொன்னேன்?

வட்டம் ஏன் இல்லை? (மூன்றாவது ஆள்)

மேலே வாசியுங்கள்.

எங்கள் கூரைக்குள் தேனீ கட்டியிருக்கிறது, என்ன செய்ய? (ஒரு தகப்பன், கல்முனை)

பரப்பளவு கேளுங்கள், சொல்கிறேன். இதற்குப் பெட்டியில் தேனீ வளர்ப்பவரைப் பிடியுங்கள். பந்தம் கொளுத்த வேண்டாம்.

அறுகோணி இல்லாத அறையும் உண்டா? (தரம் 7)

உண்டு மகள். உன்னிச்சைப் பக்கமிருந்து ஒருவர் கொண்டு வந்த வதையை எண்ணிப் பார்த்தேன்: ஓரத்து அறைகள் கோணல்மாணல், அடியில் ராணிக்கான அறை கச்சான் கோது போலத் தொங்கியது. அதற்குச் சுவரைப் பங்கு போடப் பக்கத்தில் யாரும் இல்லை.