இரத்தம் ஏற்றுமுன் கட்டிலருகே: தாதியர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வார்ட் சிஸ்டரின் பதில்கள்

வார்ட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். பையில் பெயர் சரியாக இருந்தால் ஏற்றலாமா மிஸ்? (ஹட்டன்)

கூடாது. 11ஆம் கட்டிலிலும் 14ஆம் கட்டிலிலும் ஆர். லெட்சுமி படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே தோட்டம். முதலாமவர் ஓ, மற்றவர் ஏ. பெயர், இனிஷியல், விலாசம் எதுவும் உதவாது. பெட் ஹெட் டிக்கெட் இலக்கம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

பையைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் கட்டிலருகே நில்லுங்கள். "உங்க முழுப் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "லெட்சுமியா?" என்று கேட்டால் இருவருமே தலையாட்டுவார்கள். நம் பேச்சு விளங்காத பாட்டி எதற்கும் "ஆமா மிஸ்" என்பார். அப்புறம் டிக்கெட் இலக்கத்தைப் பை லேபலோடும் இரத்த வங்கிப் படிவத்தோடும் ஒப்பிடுங்கள். இரத்த வகை, பை இலக்கம், காலாவதித் திகதி எல்லாவற்றையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. அங்கே கைப்பட்டியும் டிக்கெட்டும்தான் துணை.

ஏ இரத்தம் ஓ காரருக்கு ஏறினால் சில மில்லிலீட்டரிலேயே ஆபத்து தொடங்கலாம்.

வகை ஒன்றென்றால் ஆள் மாறினாலும் பரவாயில்லைதானே?

பாதி சரி, அந்தப் பெரிய ஆபத்து தப்பும். ஆனால் பொருத்தம் பார்த்தது வேறொருவர் இரத்தத்தோடு. முன்பு இரத்தம் ஏற்றியவர், பிள்ளை பெற்றவர் உடம்பில் வேறு எதிர்ப்பொருள் இருக்கலாம்.

ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடுங்கினார். நுவரெலியாக் குளிர்தானே என்று போர்த்திவிட்டேன்.

இங்கே எல்லோரும் நடுங்குவதால்தான் சார்ட் வேண்டும். ஏற்றுமுன்னே போர்த்தி, வெப்பநிலை, நாடி, சுவாசம், பிரஷர் எழுதுங்கள். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, பக்கத்திலேயே இருங்கள்; 15ஆவது நிமிடம் மறுபடி எழுதுங்கள். முன்பு 36.8, இப்போது 38.1 என்றால் அது குளிரல்ல. இரத்தத்தை நிறுத்தி, புதிய செட்டில் சேலைன் போட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, பெயரையும் இலக்கத்தையும் மறுபடி பாருங்கள். பையை வீசாமல் இரத்த வங்கிக்கு அனுப்புங்கள். முதுகுவலி, கறுத்த சிறுநீர் என்றால் இன்னும் அவசரம்.

முன்பு எழுதாவிட்டால் 38.1ஐ எதோடு ஒப்பிடுவீர்கள்?

பையைச் சுடுதண்ணீரில் வைக்கலாமா?

கூடாது. செல்கள் உடையும். இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7. கீரை போதுமா?

தம்பி, இது டாக்டரிடம் கேட்க வேண்டியது.

இரவில் வார்ட்டுக்கு நான் ஒருத்திதான். மேசையிலேயே பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குவேன். (பதுளை)

இதற்குள் வேறொருவர், "எங்கள் வார்ட்டிலும் அதுதான், இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். ஆனால் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் பை மாறுகிறது! ஹவுஸ் ஆபிசரைக் கூப்பிடுங்கள். அவசரமில்லையென்றால் பகலில் ஏற்றச் சொல்லுங்கள். "ஹவுஸ் ஆபிசர் தியேட்டரில் இருந்தால்?" என்று பதுளைத் தங்கை திரும்பக் கேட்கிறார். நியாயம்தான். ஆள் போடாமல் இது தீராது. ஆனாலும் பார்க்காத ஒருவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.