தகப்பன் தொடர்பில் இல்லை: பாடசாலைக்கான சத்தியக் கடதாசியில் எதை எழுதுவது?

"கணவர் 2021 ஜனவரியில் கட்டாருக்குப் போனார். அந்த வருடம் செப்டம்பரில் கடைசியாகக் கதைத்தார். விவாகரத்து ஆகவில்லை, வழக்கு எதுவும் இல்லை. மகளுக்குத் தரம் 1 விண்ணப்பம் போட வேண்டும். பிள்ளை என் பொறுப்பில் இருப்பதாகச் சத்தியக் கடதாசி கேட்கிறார்கள். கடையில் ரைப் பண்ணித் தந்ததில் 'நானே பிள்ளையின் ஒரே சட்டபூர்வப் பாதுகாவலர்' என்று இருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா?"
‍- வெள்ளவத்தை வாசகி ஒருவர்

அந்த வரியோடு வைக்காதீர்கள். முதலில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சத்தியக் கடதாசி என்பது உங்களுக்கு நேரில் தெரிந்ததை நீங்கள் உறுதியாகச் சொல்வது, அவ்வளவுதான். அது உங்களுக்குப் புதிதாக ஓர் உரிமையைத் தந்துவிடாது. நம்முடைய பொதுச் சட்டத்தில் திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனும் இயற்கைப் பாதுகாவலர். அவர் கட்டாரில் இருந்தாலும், வருடக்கணக்காகக் கதைக்காவிட்டாலும், அது தானாக இல்லாமல் போவதில்லை. கட்டுக்காவலை ஒருவருக்கு மட்டும் என்று தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம். கட்டளை இல்லாமல் 'ஒரே சட்டபூர்வப் பாதுகாவலர்' என்று எழுதினால், நேர்முகத்தில் "கட்டளை எங்கே?" என்று கேட்பார்கள். தெரிந்தே பொய் சொன்னால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமும்கூட. (திருமணம் செய்யாத தாயின் நிலை வேறு. அங்கே தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். அதை அப்படியே எழுதலாம்.)

அப்படியென்றால் என்ன எழுதுவது? நடந்ததை. உங்கள் விஷயத்தில் நான் இப்படி எழுதுவேன்:

"மேற்படி பிள்ளை பிறந்த நாள் முதல் என்னுடனேயே வசிக்கிறார். 2021 செப்டம்பர் முதல் அவரது உணவு, மருத்துவம், படிப்பு அனைத்தையும் நான் மட்டுமே பார்த்து வருகிறேன். பிள்ளையின் தகப்பனாகிய எனது கணவர் 2021 ஜனவரியில் தொழிலுக்காகக் கட்டார் சென்றார். 2021 செப்டம்பரின் பின் அவர் என்னுடனோ பிள்ளையுடனோ தொடர்புகொள்ளவில்லை. அவரது தற்போதைய முகவரி எனக்குத் தெரியாது. எமது திருமணம் சட்டப்படி கலைக்கப்படவில்லை. கட்டுக்காவல் தொடர்பாக எந்த நீதிமன்றிலும் வழக்கு இல்லை."

கடைசி இரண்டு வரிகளைப் பலர் மறைக்கப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் கடதாசிக்குப் பலம் தருவதே அவைதான். 'முகவரி தெரியாது' என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். மாமியாரிடம் கேட்டால் கிடைக்கும் என்றால் அது தெரியாத முகவரி இல்லை. கேட்டும் கிடைக்கவில்லை என்றால், கேட்டதையும் ஒரு வரி சேருங்கள். அவர் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார், குடித்தார் என்பதெல்லாம் வேண்டாம். அந்தக் கடதாசி பாடசாலைக் கோப்பில் கிடக்கப்போகிறது. பிள்ளையும் அங்கேதான் படிக்கப்போகிறாள்.

உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வாக்காளர் இடாப்பு. வதிவிடத்தைக் காட்ட அதன் பிரதிகளைக் கொடுப்பீர்கள். வீட்டுக்காரர் படிவம் நிரப்பும்போது கணவரின் பெயரை எடுக்காமல் விட்டிருந்தால், 2022, 2023 இடாப்புகளிலும் அவர் அதே வீட்டில் இருப்பார். கடதாசியில் ஆள் 2021இலேயே போய்விட்டார்! இந்த முரண்பாட்டை அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "இடாப்பில் அவரது பெயர் தொடர்ந்து இருந்தபோதும், குறித்த காலத்தில் அவர் இவ்விலாசத்தில் வசிக்கவில்லை." கிராம உத்தியோகத்தரின் சான்றிதழிலும் நீங்களும் பிள்ளையும் அங்கே வசிப்பது இருந்தால் நல்லது. பொலிஸ் முறைப்பாடு, தாபரிப்பு வழக்கு என்று ஏதாவது இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். இல்லையென்றால் இதற்காக அவசரமாக ஒன்றை உருவாக்க வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு கவனம். வீட்டிலேயே ஒப்பமிட்டுக் கொண்டுபோய் முத்திரை மட்டும் குத்தி வாங்கும் பழக்கம் இருக்கிறது. அது செல்லாத கடதாசி. சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னால், வாசித்து விளங்கிக்கொண்ட பிறகுதான் ஒப்பமிட வேண்டும். அடியில் இடமும் திகதியும் இருக்க வேண்டும். நீங்கள் இந்து என்றால் 'உறுதியுரைக்கிறேன்', கிறிஸ்தவர் என்றால் 'சத்தியம் செய்கிறேன்'. கடை மாதிரியில் இரண்டும் கலந்து கிடக்கும், பாருங்கள். பெயர்களைப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். திருத்தினால் அந்த இடத்தில் நீங்களும், கடதாசியை உறுதிப்படுத்தும் நீதவானோ ஆணையாளரோ அவரும் சிற்றொப்பம் வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பாடசாலை நீதிமன்றக் கட்டளைதான் வேண்டும் என்றால், அந்தக் கோரிக்கையை எழுத்தில் கேளுங்கள். கட்டுக்காவலுக்கு விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை, தனியாகவே மாவட்ட நீதிமன்றில் கேட்கலாம். ஆனால் கணவர் வெளிநாட்டில் என்பதால் அழைப்பாணை சேர்ப்பிக்கவே மாதங்கள் போகும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். போகும்போது பாடசாலை தந்த கடிதத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.