9% பத்திரம், கையில் 6% தானா?

“மேலமாசி வீதித் தரகர் 9% பத்திரத்தை 1,080 ரூபாய்க்குத் தருகிறார். முகமதிப்பு 1,000, முதிர்வுக்கு 3 ஆண்டுகள். எனக்கு 9% கிடைக்குமா?”

கிடைக்காது, ஐயா. 9% என்பது கூப்பன், அதாவது பத்திரத்தில் குறித்த வட்டி விகிதம். அது முகமதிப்பின் மீது கணக்கிடப்படுவதால் ஆண்டுக்கு 90 ரூபாய் வரும், விலை எதுவானாலும். நீங்கள் போடுவதோ 1,080. 90-ஐ அதால் வகுத்தால் 8.33%, இது நடப்பு ஈட்டு விகிதம். தரகர்கள் இதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்!

முதிர்வில் திரும்புவது 1,000 மட்டுமே. மூன்று ஆண்டு வட்டி 270-இல் அந்த 80 ரூபாய் நட்டத்தைக் கழித்தால் மிச்சம் 190, ஆண்டுக்குச் சுமார் 63. ஆண்டுக்கொரு முறை வட்டி வருவதாகக் கொண்டு, ஒவ்வொரு தொகையும் வரும் காலத்தையும் கணக்கில் எடுத்தால் முதிர்வு ஈட்டு விகிதம் ஏறத்தாழ 6% தான். வரும் வட்டியை அதே 6 சதவீதத்தில் மறுமுதலீடு செய்தால்தான் அதுவும் முழுதாகத் தேறும். இடையில் விற்றால் அன்றைய சந்தை விலைதான். கடைசியாக வட்டி தந்த நாளிலிருந்து இதுவரை சேர்ந்த வட்டி 1,080-க்குள் அடங்குமா என்றும் கேளுங்கள்.